பள்ளி வாசலா, ரோட்டு முக்கா? பஞ்சர் கடை போடுமுன் போட வேண்டிய கணக்கு

"தினமும் முந்நூறு சைக்கிள் வந்துபோகிற பள்ளிக்கூடம். வாசலிலேயே ஒரு பஞ்சர் கடை போட்டால் பிழைப்பு ஓடாதா?" சைக்கிள் கடையில் சில வருடம் வேலை கற்றுக்கொண்டு, சொந்தமாக ஒரு பெட்டிக்கடை வைக்க நினைக்கிற இளைஞர்கள் பலருக்கும் இந்தக் கேள்வி வரும். கேள்வியில் தவறில்லை. பிளஸ் ஒன் மாணவர்களுக்கு அரசு விலையில்லா சைக்கிள் கொடுக்கிற தமிழ்நாட்டில், அரசு மேல்நிலைப் பள்ளி என்றாலே சைக்கிள் வரிசை உண்டு. அதனால் வாசலுக்கு நேர் எதிரே இருக்கும் மரத்தடிதான் தங்கமான இடம் என்று தோன்றிவிடுகிறது.

அந்த எண்ணத்தைப் பென்சிலும் தாளும் வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். அறந்தாங்கி, ஆலங்குடி போன்ற ஓர் ஊரை மனதில் வைத்துக்கொள்வோம். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் கிராமத்துப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் மிதித்து வரும் பிள்ளைகள் இன்றும் அங்கே உண்டு. வழி நெடுக சீமைக் கருவேல முள்ளும் உண்டு. பஞ்சர் கடைக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் வேண்டியதில்லை. அப்படியும் கடை எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து வருமானம் எவ்வளவு மாறுகிறது என்பதுதான் பார்க்க வேண்டிய விஷயம்.

முந்நூறு சைக்கிளில் எத்தனை பஞ்சர்?

ஒரு மாணவரின் சைக்கிள் பள்ளி நடக்கும் மாதங்களில் மூன்று முறை பஞ்சர் ஆவதாக வைத்துக்கொள்வோம். முந்நூறு சைக்கிளுக்கு வருடத்தில் தொள்ளாயிரம் பஞ்சர். பள்ளி நடப்பது சுமார் 210 நாள். வகுத்தால் ஒரு நாளைக்கு நான்கு பஞ்சருக்குச் சற்று அதிகம். அந்த நான்கும் நம் கடைக்கு வராது. வழியில் காற்று இறங்கினால் கிராமத்துக் கடையிலேயே ஒட்டிக்கொண்டு வருபவர்கள் உண்டு. வீட்டில் அப்பாவோ அண்ணனோ ஒட்டிக்கொடுப்பதும் உண்டு. இரண்டு வந்தால் நல்லது, மூன்று வந்தால் மிக நல்லது.

சைக்கிள் பஞ்சருக்கு 40 ரூபாய் என்றால், முந்நூறு சைக்கிள் நிற்கும் பள்ளியிலிருந்து பஞ்சர் வழியாகக் கிடைப்பது நாளைக்கு 80 ரூபாய். பலரும் கடை போட்ட பிறகுதான் இதை அறிந்துகொள்கிறார்கள். 'பஞ்சர் கடை' என்று பெயர் இருந்தாலும் பள்ளிப் பக்கத்துக் கடையில் சைக்கிள் பஞ்சர் மட்டும் சோறு போடாது.

பள்ளிக்கூடம் தருகிற வேலை வேறு. பிரேக் கட்டை தேய்ந்திருக்கும். பிரேக் வயர் அறுந்திருக்கும். செயின் தளர்ந்து அடிக்கடி கழன்று விழும். பெடல் ஆடும், கோட்டர் பின் தளர்ந்து கிராங்க் 'டொக் டொக்' என்று தட்டும். இரண்டு பேர் ஏறிப் போய்க் கேரியர் வளைந்திருக்கும், வீல் கோணலாகிப் பெண்டு எடுக்க வேண்டியிருக்கும். புது சைக்கிள் என்றாலும் முதல் சில வாரம் ஓடியதும் போக்ஸ் கம்பிகளும் நட்டுகளும் தளரத்தான் செய்யும். அதனால் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுத்ததை அடுத்து வரும் வாரங்களில் இறுக்குகிற வேலையும் பெண்டு எடுக்கிற வேலையும் குவியும். இவை ஒவ்வொன்றும் 20 ரூபாய், 40 ரூபாய், 60 ரூபாய் வேலை. பஞ்சரைவிட இவற்றுக்குத்தான் பள்ளிப் பிள்ளைகள் அதிகம் வருவார்கள்.

காலை அவசரம், மத்தியான வேலை

பள்ளிப் பக்கத்துக் கடையின் நாளைக் கடிகாரத்தோடு வைத்துப் பார்த்தால்தான் அதன் பலம் தெரியும். காலை எட்டே காலிலிருந்து ஒன்பது மணிக்குள் மொத்தப் பிள்ளைகளும் வந்துவிடுவார்கள். அந்த முக்கால் மணி நேரத்தில் பஞ்சர் ஒட்டிக் கொடுக்க முடியாது, யாருக்கும் காத்திருக்க நேரமும் கிடையாது.

"அண்ணே, பெல் அடிச்சிருவாங்க."

"விட்டுட்டுப் போ தம்பி. சாயங்காலம் எடுத்துக்க."

இந்த இரண்டு வரிப் பேச்சில்தான் கடையின் லாபம் இருக்கிறது. நெடுஞ்சாலையோரத்துக் கடைக்கு வருகிறவர் வண்டியை விட்டுவிட்டுப் போக மாட்டார், பக்கத்திலேயே நிற்பார். அங்கே ஒரே நேரத்தில் மூன்று வண்டி வந்தால் இரண்டு போய்விடும். பள்ளிப் பிள்ளையின் சைக்கிள் அப்படியல்ல. ஏழு மணி நேரம் கடையிலேயே நிற்கும். காலையில் காற்று அடிப்பதையும் செயின் மாட்டுவதையும் மட்டும் செய்துவிட்டு, மற்ற சைக்கிள்களை வாங்கி ஓரமாக நிறுத்திக்கொள்ளலாம். பத்து மணி முதல் மூன்று மணி வரை, ரோட்டில் ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில், ஒவ்வொன்றாக நிதானமாக முடிக்கலாம். மற்ற கடைக்காரர் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரம் இவருக்குச் சம்பாதிக்கிற நேரம்.

ஆனால் இதற்கு இரண்டு தேவை. ஒன்று, எட்டுப் பத்து சைக்கிளைப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் இல்லாமல், வெயில் நேரே படாமல் நிறுத்த இடம். இரண்டு, யார் சைக்கிள், என்ன வேலை, எவ்வளவு கூலி என்று எழுதிக் கட்டுகிற சீட்டு. விலையில்லா சைக்கிள்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். சீட்டு இல்லாமல் மாலை நான்கரைக்கு நாற்பது பிள்ளைகள் நடுவே சைக்கிளை மாற்றிக் கொடுத்துவிட்டால், அந்தக் கடைக்குப் பள்ளிக்கூடத்தில் நல்ல பெயர் இருக்காது. கூலியையும் காலையிலேயே சொல்லிவிட வேண்டும். பிள்ளையிடம் பணம் இருக்காது. "அம்மா சாயங்காலம் ஜிபே பண்ணுவாங்க" என்று சொல்லும். வேலை முடிந்த பிறகு தொகையைச் சொன்னால், வீட்டில் ஏமாற்றிவிட்டார்கள் என்ற பேச்சு வரும். புது டயர், புது டியூப் என்று வந்தால், பெற்றவர்களிடம் போனில் கேட்காமல் மாற்றக் கூடாது.

ஒட்டு பிடிக்கிறதும் பிடிக்காததும்

வருமானம் பேசும்போது வேலையின் தரத்தைப் பேசாமல் இருக்க முடியாது. ஒட்டிய பஞ்சர் மறுநாளே இறங்கினால், அதை இலவசமாகத்தான் திரும்ப ஒட்டித்தர வேண்டும். நேரம் போவதோடு அந்த வகுப்பே கடையை மாற்றிவிடும்.

டியூப் பஞ்சரில் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்லலாம். வால்வைக் கழற்றிக் காற்றை முழுக்க இறக்கி, லிவரால் டயரின் ஒரு பக்க விளிம்பை மட்டும் ரிம்மிலிருந்து நெம்பி எடுத்து, டியூபை வெளியே இழுக்க வேண்டும். லேசாகக் காற்று அடித்துத் தண்ணீர்த் தொட்டியில் பகுதி பகுதியாக அமுக்கிக் குமிழி வருகிற இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு ஓட்டையைக் கண்டதும் நிறுத்திவிடாமல் டியூபை முழுச் சுற்றும் பார்க்க வேண்டும். பிறகு ஈரம் போகத் துடைத்து, அரத்தாலோ உப்புத்தாளாலோ பேட்ச் அளவைவிடக் கொஞ்சம் பெரிதாகத் தேய்த்து, சொல்யூஷனை மெல்லிசாகப் பூசி, சில நிமிடம் காயவிட வேண்டும். பூச்சின் பளபளப்பு போய், தொட்டால் ஈரமில்லாமல் லேசாக ஒட்டுகிற பதம் வந்ததும் பேட்சை வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்த வேண்டும். அவசரத்தில் ஈரப் பூச்சின் மேல் வைத்த ஒட்டு, வெயிலில் டயர் சூடானதும் நழுவிவிடும். பெரும்பாலான 'ரிட்டர்ன்' பஞ்சருக்கு இந்தப் பொறுமையின்மைதான் காரணம்.

அடுத்த காரணம் முள். சீமைக் கருவேல முள் டயருக்குள் ஒடிந்து நின்றுவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கையால் தடவினாலும் சில சமயம் சிக்காது. ஆள் ஏறி உட்கார்ந்து டயர் அமுங்கும்போது மட்டும் உள்ளே குத்தும். இதைக் கண்டுபிடிக்கத் தேர்ந்த கைகள் செய்வது எளிய வேலைதான். வால்வை அடையாளமாக வைத்து, கழற்றிய டியூபை டயரின் மேல் அதே நிலையில் வைத்துப் பார்ப்பார்கள். டியூபில் ஓட்டை எங்கே இருக்கிறதோ, டயரிலும் அதற்கு நேரேதான் முள் இருக்கும். அந்த ஓரிரு அங்குலத்தை மட்டும் உள்பக்கமாக மடக்கிப் பார்த்தால் கறுப்பு முனை தெரியும்.

ஓட்டை இருக்கும் இடமே காரணத்தையும் சொல்லிவிடும். தரையைப் பார்த்த பக்கம் ஓட்டை என்றால் முள் அல்லது ஆணி. ரிம்மைப் பார்த்த உள்பக்கம் என்றால், ரிம்மில் சுற்றியிருக்கும் பட்டை விலகிப் போக்ஸ் கம்பியின் முனை குத்தியிருக்கிறது. பட்டையைச் சரி செய்யாமல் ஓட்டையை மட்டும் அடைத்தால் மறுநாள் பக்கத்திலேயே இன்னொன்று வரும். அருகருகே இரண்டு வெட்டு இருந்தால், காற்று குறைவாக இருக்கும்போது கல்லிலோ பள்ளத்திலோ இறங்கி, டியூப் ரிம்முக்கும் டயருக்கும் நடுவே நசுங்கியிருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு வாரம் ஒரு முறை காற்று பார்க்கச் சொல்ல வேண்டும். வால்வின் அடியிலேயே கிழிந்திருந்தால் ஒட்டு நிற்காது, டியூப்தான் மாற்ற வேண்டும்.

டூவீலரில் நிலைமை மாறிவிட்டது. இன்றைய ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் டியூப்லெஸ் டயரோடு வருகின்றன. சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. ஆணியைக் குறடால் இழுத்து, துளையைக் கூர்முனைக் கருவியால் சீராக்கி, பசை தடவிய ரப்பர் திரியை ஊசியில் கோர்த்து உள்ளே திணித்து, வெளியே நீட்டியிருப்பதை வெட்டிவிட்டு, சோப்புத் தண்ணீர் விட்டுச் சோதித்தால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. பிள்ளையை அழைத்துப் போக வந்த தாய் அந்தப் பத்து நிமிடம் காத்திருப்பார். ஒன்று மட்டும் மனதில் இருக்க வேண்டும். தரையில் படுகிற பகுதியில் உள்ள துளைக்குத்தான் திரி. டயரின் பக்கவாட்டில் கிழிந்திருந்தால் திரி போட்டு அனுப்பக் கூடாது. ஓடும்போது அந்தப் பகுதி வளைந்து நிமிர்ந்துகொண்டே இருப்பதால் திரி பிடுங்கிக்கொள்ளும். 120 ரூபாய் போனாலும் பரவாயில்லை, டயரை மாற்றச் சொல்லி அனுப்புவதே சரி.

பழுதுபார்ப்புக்கும் ஓர் எல்லை உண்டு. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பெரும்பாலான பிஎஸ்-6 வண்டிகளில் கார்பரேட்டர் போய் மின்னணு எரிபொருள் தெளிப்பு வந்துவிட்டது. அவற்றின் இன்ஜின் கோளாறு பெட்டிக்கடை வேலை அல்ல. பிரேக் டைட் செய்வது, கேபிள் மாற்றுவது, பல்பு போடுவது, செயினுக்கு எண்ணெய் விடுவது வரைதான் இங்கே கூலி. டூவீலரில் இந்தக் கடைக்கு நிரந்தரமாகக் கிடைப்பது டயரும் காற்றும்.

வாசலில் ஒரு கடை, முக்கில் ஒரு கடை

இப்போது இரண்டு இடங்களை ஒப்பிடலாம். முதலாவது, பள்ளி வாசலுக்கு நேர் எதிரே உள்ள மரத்தடி. பள்ளி ஒரு கிளைத் தெருவில் இருக்கிறது. இரண்டாவது, அங்கிருந்து நூற்றைம்பது மீட்டர் தள்ளி, அந்தத் தெரு மெயின் ரோட்டில் சேருகிற முக்கு. கிராமத்துப் பக்கமிருந்து வரும் சைக்கிள்கள் இந்த முக்கில் திரும்பித்தான் பள்ளிக்குப் போக வேண்டும். பக்கத்தில் பேருந்து நிறுத்தம். இடத்துக்காகப் பின்னால் இருக்கும் கடைக்காரருக்கு நாளைக்கு 50 ரூபாய் கொடுக்க வேண்டும். கீழே வரும் கூலி விவரங்கள் நான் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. வாசகர்கள் தங்கள் ஊர்க் கூலியைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

வாசல் கடைக்குப் பிள்ளைகள் அதிகம் வருவார்கள். நாளைக்கு மூன்று சைக்கிள் பஞ்சர், இருபது பேருக்கு ஐந்து ரூபாய்க்குக் காற்று, ஐந்து சில்லறைப் பழுது, உதிரிபாகத்தில் கொஞ்சம் லாபம் என்று சைக்கிள் பக்கம் 495 ரூபாய் வருகிறது. ஆசிரியர், பெற்றோர் வண்டிகள் மூலம் ஒரு டியூப்லெஸ், ஒரு டியூப் பஞ்சர், எட்டு வண்டிக்குக் காற்று, ஒரு சின்னப் பழுது, ஆக 375 ரூபாய். மொத்தம் 870. பேட்ச், சொல்யூஷன், கரண்ட், கருவித் தேய்மானம் என்று 100 ரூபாயைக் கழித்தால் பள்ளி நாளில் கையில் நிற்பது 770 ரூபாய்.

முக்கில் உள்ள கடைக்குப் பிள்ளைகள் கொஞ்சம் குறைவு. இரண்டு சைக்கிள் பஞ்சர், பதினைந்து பேருக்குக் காற்று, நான்கு பழுது, உதிரிபாக லாபம் சேர்த்து 375 ரூபாய். ரோட்டில் போகும் டூவீலர்கள் இருப்பதால் அந்தப் பக்கம் 710 ரூபாய் வருகிறது: இரண்டு டியூப்லெஸ், இரண்டு டியூப் பஞ்சர், பன்னிரண்டு வண்டிக்குப் பத்து ரூபாய்க் காற்று, இரண்டு பழுது. மொத்தம் 1,085. இடவாடகை உட்படச் செலவு 170 போனால் மிச்சம் 915 ரூபாய்.

பள்ளி நாளில் இரண்டு கடைக்கும் வித்தியாசம் 145 ரூபாய்தான். வாடகை இல்லாத நிழல், பிள்ளைகளின் நெருக்கம் இவற்றைப் பார்த்து வாசலையே தேர்ந்தெடுக்கலாம் என்று தோன்றும். இங்கேதான் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும்.

வருடத்தில் பள்ளி நடப்பது 210 நாள் என்றால், நடக்காதது 155 நாள். மே மாதம் முழுக்க இல்லை. காலாண்டு, அரையாண்டு விடுமுறை, பொங்கல், சனி ஞாயிறு எல்லாம் இதில் அடங்கும். அதில் 45 நாளை நம் ஓய்வுக்கும் மழைக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் விட்டால், பள்ளி பூட்டியிருந்தாலும் கடை திறக்கிற நாள் 110. அந்த நாட்களில் வாசல் தெருவில் யாரும் வருவதில்லை. 150 ரூபாய் வந்து, செலவு போக 80 நின்றால் அதுவே அதிகம். முக்கில் ரோடு வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும். 560 ரூபாய் வந்து, செலவு 150 போக 410 நிற்கும்.

வருடக் கணக்கு இதோ. வாசல் கடைக்கு 210 நாள் 770 வீதம் 1,61,700 ரூபாய், 110 நாள் 80 வீதம் 8,800 ரூபாய். மொத்தம் 1,70,500. மாதத்துக்கு 14,200 ரூபாய்ச் சுமார். முக்கில் உள்ள கடைக்கு 1,92,150 ரூபாயும் 45,100 ரூபாயும் சேர்ந்து 2,37,250. மாதத்துக்கு ஏறத்தாழ 19,800 ரூபாய். வருடத்துக்கு 66,750 ரூபாய் வித்தியாசம். அதில் பாதிக்கு மேல், 36,300 ரூபாய், பள்ளி இல்லாத அந்த 110 நாளில் வந்தது.

சராசரியைவிட மே மாதம்தான் குடும்பத்துக்கு உறைக்கும். இருபத்தாறு நாள் கடை திறந்தாலும் வாசலில் 2,080 ரூபாய்தான். முக்கில் 10,660 ரூபாய். வாசல் கடைக்காரர் ஜூன் மாதம் தன் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்க வட்டிக்குக் கடன் வாங்குவார். அவர் திறமை குறைந்தவர் என்பதால் வந்த கடன் அல்ல, கடை நின்ற இடத்தால் வந்தது.

இடத்தை எடைபோடும் விதம்

வருமானத்தைக் கூட்டுகிற சில விஷயங்களை நேரில் நின்று பார்த்தால்தான் தெரியும். முதலில் வண்டி எந்தப் பக்கம் வருகிறது என்று பார்க்க வேண்டும். காலையில் பிள்ளைகள் ரோட்டின் இடப்பக்கமாக வருவார்கள். கடை வலப்பக்கம் இருந்தால், பேருந்துகளுக்கு நடுவே குறுக்கே கடந்துதான் வர வேண்டும். அவசரத்தில் கடந்து வருகிற பிள்ளைக்கு ஆபத்து. கடந்து வர அஞ்சுகிற பிள்ளை வரவே வராது. இரண்டிலும் நமக்கு நட்டம், முதலாவதில் மனசாட்சிக்கும் சேர்த்து. அதனால் பிள்ளைகள் வருகிற பக்கமே கடை இருப்பது நல்லது.

அடுத்து, மேடு. காற்று இறங்கிய வண்டியை மேட்டில் யாரும் தள்ள மாட்டார்கள். பாலத்தின் உச்சியைவிட அடிவாரத்தில் உள்ள கடைக்குத்தான் வண்டி வரும். பிறகு, பெட்ரோல் பங்க். பங்கில் காற்று இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. அரை கிலோமீட்டருக்குள் நல்ல காற்று மிஷினோடு ஒரு பங்க் இருந்தால், மேலே சொன்ன கணக்கில் டூவீலர் காற்றுக்கு வைத்த 120 ரூபாயைத் துணிந்து அடித்துவிட்டுக் கணக்கைத் திரும்பப் போட வேண்டும். கடைசியாக, சைக்கிள்களை நிறுத்த இடமும் கம்ப்ரஸருக்கு முறையான மின் இணைப்பும். கம்ப்ரஸர் இல்லாமல் கை பம்ப்பை நம்பினால் டியூப்லெஸ் வேலையை எடுக்க முடியாது. டியூப்லெஸ் இல்லாமல் முக்கில் கடை வைத்துப் பயனில்லை.

இவற்றை அறிய ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒரு பள்ளி நாளில் காலை எட்டு முதல் ஒன்பதரை வரையும், மாலை நான்கு முதல் ஆறு வரையும் நின்று சைக்கிள், டூவீலர் இரண்டையும் தனித்தனியாக எண்ண வேண்டும். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே நேரத்தில், அதே இடத்தில் நின்று எண்ண வேண்டும். ஞாயிற்றுக்கிழமை டூவீலர் எண்ணிக்கை பள்ளி நாளில் பாதிக்குக் கீழே விழுந்தால், அந்த இடம் பள்ளியை மட்டுமே நம்பியிருக்கிறது என்று பொருள். பக்கத்தில் ஏற்கெனவே பஞ்சர் கடை இருக்கிறதா, அவர் எத்தனை மணிக்குத் திறந்து எத்தனை மணிக்கு மூடுகிறார் என்பதையும் அப்போதே குறித்துக்கொள்ளலாம்.

அனுமதியும் அக்கம்பக்கமும்

நகராட்சி, பேரூராட்சி எல்லைக்குள் என்றால் 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். பொருள் விற்பவர்களோடு, தெருவில் சேவை அளிப்பவர்களையும் அந்தச் சட்டம் வியாபாரிகளாகவே கருதுகிறது. எனவே பஞ்சர் கடைக்காரரும் விற்பனைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் எந்தத் தெரு விற்பனைக்கு உரியது, எது கூடாது என்பதை உள்ளாட்சி அமைப்பு முடிவு செய்யும். நெரிசல் மிகுந்த பள்ளி வாசல் தடை செய்த பகுதியாக அறிவிக்கப்பட வாய்ப்பு அதிகம். பிரதமரின் ஸ்வநிதி திட்டத்தில் வங்கி மூலம் முதல் தவணைக் கடனாக 15,000 ரூபாய் வரை கிடைக்கும். அதை ஒழுங்காகக் கட்டினால் 25,000, பிறகு 50,000 வரை பெறலாம். கம்ப்ரஸர், கருவிகள், பெட்டி, கொஞ்சம் உதிரிபாகம் என்று ஏறத்தாழ அரை லட்சம் தேவைப்படும் இந்தத் தொழிலில் முதல் தவணை முழு முதலுக்குப் போதாது. கந்து வட்டி அளவைக் குறைக்க உதவும். ஊராட்சிப் பகுதியிலும் நெடுஞ்சாலைத் துறை நிலத்திலும் விதிகள் வேறு. பெட்டியை இறக்குவதற்கு முன்பே இடம் யாருடையது, ரோடு அகலப்படுத்தும் திட்டம் இருக்கிறதா என்று விசாரித்துவிட வேண்டும்.

பள்ளிக்கு அருகில் கடை வைப்பவருக்குக் கூடுதல் பொறுப்புகள் இரண்டு உண்டு. வருமானம் குறைகிறதே என்று பீடி, சிகரெட், புகையிலைப் பொட்டலம் தொங்கவிடக் கூடாது. கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்பது சட்டப்படி குற்றம், அதை வாங்கப் போவதும் நம்மிடம் சைக்கிள் விடுகிற பிள்ளைகளே. மற்றொன்று தண்ணீர். பழைய டயருக்குள் தேங்கும் மழைநீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். பஞ்சர் தொட்டியும் அதற்கு விலக்கல்ல. பழைய டயர்களை மூடி வைத்து அடிக்கடி காயலான் கடைக்கு அனுப்பிவிட வேண்டும். தொட்டித் தண்ணீரைத் தினமும் கடை மூடும்போது கொட்டிவிட வேண்டும்.

இன்னொரு பேச்சும் எந்த பஞ்சர் கடைக்கும் வரும்: "ஆணி போட்டு வைக்கிறான்." இதற்கு வாதாடிப் பயனில்லை. பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி, தினமும் காலையில் கடையைச் சுற்றியும் பள்ளிக்குத் திரும்புகிற வளைவிலும் எல்லோர் கண்ணெதிரே இழுத்துப் போய் ஆணிகளைப் பொறுக்கும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி யாரும் அப்படிப் பேசுவதில்லை. தலைமையாசிரியரை ஒரு முறை பார்த்து, மாலை நெரிசலில் சைக்கிள்களை ரோட்டில் பரப்ப மாட்டேன் என்று சொல்லி, அதன்படி நடந்தால் பள்ளியே கடைக்குத் துணை நிற்கும்.

என் தீர்ப்பு

பள்ளிக்கூடத்துக்கு அருகே பஞ்சர் கடை போடலாம். ஆனால் பள்ளியை நம்பி மட்டும் போடக் கூடாது. முக்கில் உள்ள கடையின் பள்ளி நாள் வருமானத்திலேயே சைக்கிள்களின் பங்கு மூன்றில் ஒன்றுதான். அந்த மூன்றில் ஒன்று மத்தியானத்தின் வெறுமையை நிரப்புகிறது, பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் கடையை அறிமுகப்படுத்துகிறது. அரிசிக்கும் மருந்துக்கும் வருடம் முழுக்கப் பணம் தருவது ரோடு. எனவே பள்ளித் தெரு மெயின் ரோட்டைச் சந்திக்கிற இடமே சரியான இடம். அங்கே இடம் கிடைக்காமல் வாசல்தான் வாய்த்தால், பள்ளி நாட்களில் வாசலிலும், விடுமுறையில் கருவிப் பெட்டியோடு வேறு கடையில் கூலிக்கும் என்று முன்பே ஏற்பாடு செய்துகொண்டு இறங்க வேண்டும்.

முதல் போடுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்து, நீங்கள் தேர்ந்த இடத்தில் நின்று வண்டிகளை எண்ணிவிடுங்கள். அன்று வருகிற எண்ணிக்கை உங்கள் வீட்டுக்கு மே மாதம் சோறு போடுமா என்று பாருங்கள். போடும் என்றால் பெட்டியை இறக்குங்கள்.